ஈர்க்கிலை மூன்றாக ஒடித்தால் எப்போது முக்கோணம் வரும்?

"60 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய 50 ஈர்க்கில்களை நானும் மகனும் மூன்று மூன்று துண்டாக ஒடித்தோம். முதலில் ஒரு ஒடி, அப்புறம் பெரிய துண்டில் இன்னொரு ஒடி. 27 தடவை முக்கோணம் வைக்க முடிந்தது. புத்தகத்தில் விடை 1/4 என்று இருக்கிறது, படம் வரைந்தாலே தெரியும் என்றும் போட்டிருக்கிறது. எங்களுக்கு ஏன் பாதிக்கு மேல் வந்தது?" (மார்த்தாண்டத்திலிருந்து)

புத்தகமும் சரி, உங்கள் எண்ணிக்கையும் சரி. புத்தகம் செய்யச் சொல்லும் சோதனை ஒன்று, நீங்கள் செய்தது வேறொன்று. நான் கல்குளம் தாலுகாவில் முப்பது வருடத்துக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவன். நிகழ்தகவுப் பாடம் வரும்போதெல்லாம் வாரியல் கட்டச் சீவி வைத்திருக்கும் ஈர்க்கிலில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். பிள்ளைகள் ஒடிக்கும்போது ஒருமுறைகூட கால்பங்கு வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கின் சுவையே.

முதலில், எப்போது முக்கோணம் வரும்? இரண்டு துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்தால் மூன்றாவதை விட நீளமாக இருக்க வேண்டும். மொத்தம் 60 என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஒவ்வொரு துண்டும் 30 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் போதும். 17, 24, 19 என்று ஒடிந்தால் முக்கோணம் நிற்கும். 8, 14, 38 என்று ஒடிந்தால், 38-ஐத் தரையில் வைத்து இரு முனையிலும் மற்ற இரண்டையும் சாய்த்துப் பாருங்கள். அவை இரண்டும் சேர்ந்தே 22தான், ஒன்றையொன்று தொடாது. சரியாக 30 வந்தால் மூன்றும் ஒரே கோட்டில் படுத்துவிடும். அதற்கான வாய்ப்பு சுழியம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

இனி புத்தகச் சோதனை. ஈர்க்கிலை ஒடிப்பதற்கு முன்பே அதில் இரண்டு இடங்களில் மையால் குறி வைக்க வேண்டும். இரண்டு குறியும் 0 முதல் 60 வரை எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழலாம். முதல் குறி எங்கே விழுந்தது என்பது இரண்டாவது குறிக்குத் தெரியவே கூடாது. 1854 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தேர்வில் இந்தக் கணக்கு கேட்கப்பட்டபோதும் இப்படித்தான் இருந்தது: கோலில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, பிறகு அந்த இடங்களில் துண்டாக்கினால், முக்கோணம் அமையும் வாய்ப்பு 1/4 என்று நிறுவு. குறிப்பது முதலில், துண்டாக்குவது பிறகு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராஃப் தாளை எடுத்து 12 செ.மீ. பக்கமுள்ள சதுரம் போடுங்கள். ஈர்க்கிலின் ஒரு செ.மீ.க்குத் தாளில் 2 மி.மீ. என்று அளவு. முதல் குறியின் இடத்தை x என்று கிடையாகவும், இரண்டாவது குறியின் இடத்தை y என்று மேல்நோக்கியும் வைத்தால், குறி வைத்த ஒவ்வொரு ஈர்க்கிலும் சதுரத்துக்குள் ஒரு புள்ளி ஆகிவிடும். இரண்டு குறியும் சம வாய்ப்போடு, ஒன்றையொன்று சாராமல் விழுவதால், புள்ளிகள் சதுரம் முழுக்க ஒரே சீராகத் தூவப்படும். அதனால் வாய்ப்பைக் கேட்பதும் பரப்பளவைக் கேட்பதும் ஒன்றாகிவிடுகிறது.

x சிறியது, y பெரியது என்று வைத்துக்கொள்வோம். துண்டுகள் x, y − x, 60 − y. மூன்றும் 30-க்குக் குறைவு என்றால் x 30-க்கு இடப்பக்கமும், y 30-க்கு மேலும், y = x + 30 என்ற சாய்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இந்த மூன்று கோடுகளையும் பென்சிலால் போட்டால் (0, 30), (30, 30), (30, 60) என்ற மூலைகளுள்ள ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். குறிகள் இடம் மாறி விழுந்தால் இதே முக்கோணம் மூலைவிட்டத்துக்கு மறுபக்கம் வரும். இரண்டும் சதுரத்தின் நடுப்புள்ளியில் ஒட்டிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தது போல இருக்கும். ஒவ்வொரு இறகும் 450, இரண்டும் சேர்ந்து 900. சதுரம் 3600. விடை 1/4.

இந்தப் படம் போதும் என்றாலும், எனக்குப் பிடித்தது இன்னொன்று. உங்கள் கேள்விக்கும் அதுதான் உதவும். 12 செ.மீ. உயரமுள்ள ஒரு சமபக்க முக்கோணம் போடுங்கள், பக்கம் 13.86 செ.மீ. வரும். அதற்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும், மூன்று பக்கங்களுக்கும் அதிலிருந்து உள்ள செங்குத்துத் தூரங்களைக் கூட்டினால் முக்கோணத்தின் உயரமே வரும். கலிலியோவின் மாணவரான விவியானியின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. நிரூபணம் இரண்டு வரிதான்: புள்ளியை மூன்று மூலைகளோடும் இணைத்தால் பெரிய முக்கோணம் மூன்று சிறிய முக்கோணங்களாகப் பிரியும். மூன்றுக்கும் அடிப்பக்கம் ஒரே நீளம், பரப்புகள் சேர்ந்து பெரியதன் பரப்பு, ஆகவே உயரங்கள் சேர்ந்து பெரியதன் உயரம்.

இப்போது அந்த உயரத்தை 60 என்று எண்ணிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்திலிருந்து உள்ள தூரம் ஒரு துண்டு, மற்ற இரு பக்கங்களிலிருந்து உள்ள தூரங்கள் மற்ற இரண்டு துண்டுகள். கூடுதல் தானாகவே 60 ஆகிவிடும். மூன்றும் 30-க்குக் குறைவு என்பது எந்த இடம்? பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் நடுவில் தலைகீழாக ஒரு முக்கோணம் வருமே, அதேதான். மூலைகளில் மிஞ்சும் மூன்றும் அதே அளவுள்ளவை. நான்கில் ஒன்று, அதாவது 1/4. ஒவ்வொரு மூலையும் ஏதோ ஒரு துண்டு பாதிக்கு மேல் நீண்டு கெடுத்துவிட்ட நிலையைக் காட்டுகிறது. அதையும் சரிபார்க்கலாம்: இடக்கோடித் துண்டு 30-ஐத் தாண்ட வேண்டுமானால் இரண்டு குறியும் வலப்பாதியில் விழ வேண்டும், அதன் வாய்ப்பு ½ × ½ = 1/4. ஒரு மூலையின் பங்கு அப்படியே வருகிறது.

இங்கே பல புத்தகங்கள் சொல்லாமல் தாண்டும் ஒரு படி இருக்கிறது. புள்ளிகள் இந்தச் சமபக்க முக்கோணத்திலும் ஒரே சீராகத்தான் விழுமா? புத்தகச் சோதனையில் விழும், அது உறுதி. சதுரத்தின் மேல்பாதி முக்கோணத்தை நேர்கோடுகள் வளையாமல் இழுத்துச் சாய்த்தால் சமபக்க முக்கோணம் ஆகிறது. அப்படி இழுக்கும்போது எல்லாப் பரப்பும் ஒரே விகிதத்தில்தான் மாறும், ஆகவே சீர் கெடாது. ஆனால் ஒடிக்கும் முறை மாறினால் இந்த உறுதி போய்விடும். படம் அப்படியே இருக்கும், அதன்மேல் புள்ளிகள் விழும் அடர்த்தி மாறிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

நீங்கள் முதலில் ஒருமுறை ஒடித்தீர்கள். அப்போது கிடைத்த சின்னத் துண்டின் நீளத்தை s என்போம். அது 30-ஐத் தாண்டாது, அதைத் தொடப்போவதும் இல்லை. கையில் மிஞ்சுவது 60 − s. அதை இரண்டாக ஒடித்து இரண்டு பங்கும் 30-க்குள் வர வேண்டும். s = 10 என்றால் மிஞ்சியது 50. ஒரு முனையிலிருந்து 20-க்கும் 30-க்கும் இடையில் ஒடிந்தால் சரி, அதாவது 50-இல் 10 செ.மீ. நல்ல இடம், ஐந்தில் ஒன்று. s = 25 என்றால் மிஞ்சியது 35. 5-க்கும் 30-க்கும் இடையில் எங்கே ஒடிந்தாலும் சரி, 35-இல் 25. எப்போது பார்த்தாலும் நல்ல இடத்தின் நீளம் s-தான், வாய்ப்பு s/(60 − s).

முதல் ஒடி எங்கும் சமமாக விழும் என்று கொண்டால், s 0 முதல் 30 வரை சமமாகப் பரவும். இந்தப் பின்னத்தின் சராசரியை எடுக்க வேண்டும். தொகை நுண்கணிதம் வேண்டாம் என்றால் s-க்கு 5, 15, 25 என்று மூன்று மதிப்பு மட்டும் போட்டுப் பாருங்கள்: 5/55, 15/45, 25/35. மூன்றின் சராசரி ஏறக்குறைய 0.38. தொகையிட்டுக் கண்ட சரியான விடை 2 ln 2 − 1, அதாவது 0.386. ஆக, பெரிய துண்டை எடுத்து ஒடிக்கும் பழக்கம் ஒன்றே 0.25-ஐ 0.386 ஆக்கிவிடுகிறது.

இதைப் படத்தில் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நல்ல மாணவர்களே அதில் விழுவார்கள், நானும் படிக்கிற காலத்தில் விழுந்திருக்கிறேன். s-ஐ அடிப்பக்கத்திலிருந்து உள்ள உயரமாக வைத்தால், s 30-ஐத் தாண்டாததால் மேல்மூலை முக்கோணம் காலியாகிவிடும். மிஞ்சுவது மூன்று சம முக்கோணங்கள், நடுவில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது, ஆகவே விடை 1/3 என்று தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. மேல்மூலையைக் காலி செய்ததோடு நிற்கவில்லை, மிஞ்சிய இடத்திலும் புள்ளிகளின் சீர் கெட்டுவிட்டது. s எல்லா மதிப்பையும் சமமாக எடுப்பதால், கிடைமட்டமாக ஒரே உயரமுள்ள கீற்றுகளாக வெட்டினால் ஒவ்வொரு கீற்றிலும் ஒரே எண்ணிக்கைப் புள்ளிகள் விழும். ஆனால் மேலே போகப் போகக் கீற்று அகலம் குறைகிறது. அதே எண்ணிக்கை குறுகிய இடத்தில் நெருங்கி நிற்கும். அந்த நெரிசல் எங்கே அதிகம்? 30-க்குச் சற்றுக் கீழே. தலைகீழாக நிற்கும் நடு முக்கோணம் மிக அகலமாக இருப்பதும் அங்கேதான். அதனால்தான் விடை 1/3-ஐயும் தாண்டி 0.386-க்குப் போகிறது.

புத்தகச் சோதனையையும் இதே கண்ணால் பார்க்கலாம். முதல் குறி ஈர்க்கிலை s, 60 − s என்று பிரிக்கிறது. இரண்டாவது குறி விழ வேண்டிய நல்ல இடம் இங்கேயும் பெரிய பக்கத்தில் உள்ள அதே s செ.மீ.தான். ஆனால் அந்தக் குறி சின்னப் பக்கத்திலும் விழலாம், முழு 60-இல் எங்கும் விழலாம். ஆகவே வாய்ப்பு s/60. s-இன் சராசரி 15, 15/60 = 1/4. வகுத்தியில் 60 இருக்கிறதா, 60 − s இருக்கிறதா என்பது மட்டும்தான் இரண்டு சோதனைக்கும் உள்ள வேறுபாடு. முதல் ஒடிக்குப் பிறகு எந்தத் துண்டை ஒடிப்பது என்று காசு சுண்டிப் பார்த்திருந்தால், பாதித் தடவை சின்னத் துண்டு கைக்கு வந்து காரியம் கெட்டிருக்கும், விடை 0.386-இல் பாதி, 0.193 ஆகியிருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியான கணக்கு. இனிச் சொல்வது ஊகம். 0.386 என்றால் 50 ஈர்க்கிலில் 19 அளவில் வர வேண்டும், உங்களுக்கு 27. ஐம்பது தடவை செய்யும்போது மூன்று நான்கு கூடக் குறைய வருவது சாதாரணம், எட்டு கூடுவது அபூர்வம். நூறு வீடுகளில் இதைச் செய்தால் இரண்டு வீட்டில் அப்படி வரலாம். விடை 1/4 ஆக இருந்து 27 வருவது என்பது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம். ஆகவே நீங்கள் புத்தகச் சோதனையைச் செய்யவில்லை என்பது உறுதி. பெரிய துண்டு விஷயம் தவிர வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது என்பது வலுவான சந்தேகம்.

என் சந்தேகம் உங்கள் கைகள்மேல். ஈர்க்கிலை ஒடிப்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து, கட்டைவிரல் இரண்டையும் உள்ளே கொடுத்து வளைப்போம். முனையிலிருந்து இரண்டு செ.மீ.யில் ஒடிக்க விரலுக்குப் பிடியே கிடைக்காது. அதோடு ஈர்க்கில் ஒரு பக்கம் தடித்தது, நுனிப்பக்கம் மெலிந்தது. பச்சையாக இருந்தால் நுனி ஒடியாது, வளைந்துகொண்டே போகும். முனைக்கு 5 செ.மீ. அருகில் எந்த ஒடியும் விழுவதில்லை, மற்ற இடமெல்லாம் சமவாய்ப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். s 5 முதல் 30 வரை ஓடும், இரண்டாவது ஒடிக்குக் கிடைக்கும் இடம் 50 − s ஆகச் சுருங்கும், s 25-ஐத் தாண்டினால் எங்கே ஒடித்தாலும் முக்கோணம்தான். சராசரி 0.576 வருகிறது, 50-இல் 29. உங்கள் 27 அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒதுக்கும் தூரத்தை 10 செ.மீ. ஆக்கினால் 0.81-க்கு ஏறிவிடும். எண் பொருந்துகிறது என்பதற்காக 5 செ.மீ.தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். நடுவில் ஒடிக்கும் பழக்கம் கொஞ்சம் இருந்தாலும் இதே எண் வரலாம்.

புத்தக விடையை வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒடிப்பதைக் கையிடம் விடக் கூடாது. கணினி இருந்தால் மகனிடம் இதை ஓட்டச் சொல்லுங்கள். முதலில் வரும் எண் குறி வைத்து ஒடிப்பதற்கு, இரண்டாவது பெரிய துண்டை ஒடிப்பதற்கு.

```python
import random

n = 100000
a = b = 0
for i in range(n):
    x = random.uniform(0, 60)
    y = random.uniform(0, 60)
    p, q = min(x, y), max(x, y)
    if max(p, q - p, 60 - q) < 30:
        a += 1
    s = min(x, 60 - x)
    t = random.uniform(0, 60 - s)
    if max(t, 60 - s - t) < 30:
        b += 1
print(a / n, b / n)
```

0.25-க்கும் 0.386-க்கும் அருகில் இரண்டு எண்கள் வரும், ஒவ்வொரு தடவையும் மூன்றாவது தசமத்தில் சற்று ஆடும்.

ஒடித்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிடவில்லை என்றால் இன்னொன்றும் செய்யலாம். மூன்று மூன்றாகச் சேர்த்து அளந்து, முதலில் ஒடிந்த சின்னத் துண்டை அடிப்பக்கத்திலிருந்து உயரமாக வைத்து, 12 செ.மீ. சமபக்க முக்கோணத்தில் 50 புள்ளிகளையும் குறியுங்கள். மற்ற இரண்டு துண்டுகளில் எது இடம், எது வலம் என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தால் போதும். பிறகு கீழ் விளிம்பையும் சாய்ந்த இரு விளிம்புகளையும் ஒட்டிப் பாருங்கள். அங்கே புள்ளியே இல்லாத ஒரு பட்டை ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலத்துக்கு ஓடினால், ஈர்க்கிலில் அது 5 செ.மீ., என் ஊகம் சரி. பட்டை எதுவும் இல்லாமல் புள்ளிகள் நடுவில் மட்டும் குவிந்திருந்தால், நீங்கள் இருவரும் நடுவைப் பார்த்தே ஒடித்திருக்கிறீர்கள். எது வந்தது என்று அளவோடு எழுதுங்கள்.